நொதி வரைபடக் கேள்வி: பதினொன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவுக்குத் திருத்தக் குறிப்பு

38 விடைத்தாள்களையும் திருத்திவிட்டேன். கையில் வாங்கியதும் மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்ப்பீர்கள், அது தெரியும். கூட்டிய பிறகு இந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு உங்கள் 14-ஆம் கேள்வியை மறுபடி ஒருமுறை படியுங்கள். வெப்பநிலை, pH, தளப்பொருள் செறிவு மூன்றுக்கும் நொதியின் செயல்பாடு எப்படி மாறுகிறது என்று வரைந்து, கோடு ஏன் அப்படி வளைகிறது என்று காரணமும் எழுதச் சொன்ன பத்து மதிப்பெண் கேள்வி அது. வரைவதற்கு நான்கு, காரணத்துக்கு ஆறு. வரைவதில் பெரும்பாலோர் மூன்றுக்குக் குறையவில்லை. காரணத்தில்தான் பலர் இரண்டோடு நின்றுவிட்டீர்கள். வளைகோட்டின் பெயரை எழுதியிருக்கிறீர்கள். அது ஏன் அப்படி வளைகிறது என்பதை எழுதவில்லை.

முதலில் வெப்பநிலை. கொடுத்திருந்த அளவீடுகள் இவை. உமிழ்நீர் அமைலேஸ், ஸ்டார்ச் கரைசல், அயோடின். நீலக்கறுப்பு நிறம் வராமல் போவதற்கு எடுத்த நேரம்: 10 டிகிரியில் 500 வினாடி, 20-இல் 250, 30-இல் 125, 40-இல் 80, 50-இல் 200. 60 டிகிரியில் 900 வினாடி பார்த்தும் நிறம் மறையவில்லை.

பதினொரு பேர் இந்த நேரத்தை அப்படியே செங்குத்து அச்சில் குறித்துவிட்டீர்கள். கோடு கீழே இறங்கி, 40-இல் அடியைத் தொட்டு, மேலே ஏறுகிறது. அதில் தவறில்லை; அச்சில் 'நேரம்' என்று எழுதியிருந்தால் அதுவும் சரியான வரைபடம்தான். ஆனால் அதே பக்கத்தில் "40 டிகிரியில் நொதியின் செயல்பாடு மிகக் குறைவு" என்று நான்கு பேர் எழுதியிருக்கிறீர்கள். குறைந்தது நேரம். சீக்கிரம் முடிந்த வேலை வேகமாக நடந்த வேலை. வேகம் வேண்டுமானால் 1000-ஐ நேரத்தால் வகுத்துக்கொள்ளுங்கள்: 2, 4, 8, 12.5, 5. இதைக் குறித்தால் புத்தகத்தில் பார்த்த மலை வரும்.

அந்த எண்களை இன்னொரு முறை பாருங்கள். 10-இலிருந்து 20-க்குப் போகும்போது வேகம் இரட்டிப்பாகிறது. 20-இலிருந்து 30-க்கும் அப்படியே. மூலக்கூறுகளின் இயக்க ஆற்றல் கூடுகிறது, மோதல்கள் கூடுகின்றன, கிளர்வு ஆற்றலைத் தாண்டும் மூலக்கூறுகளின் பங்கு கூடுகிறது. இதைப் பெரும்பாலோர் எழுதிவிட்டீர்கள். அதே கணக்குப்படி 40-இல் வேகம் 16 வந்திருக்க வேண்டும். வந்தது 12.5. அப்படியென்றால் கோடு இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்போதே நொதியின் ஒரு பகுதி இயல்பிழக்கத் தொடங்கியிருக்கலாம். ஏற்றம், இறக்கம் என்று இரண்டு தனிக் கதைகள் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன, எது மிஞ்சுகிறதோ அது கோட்டில் தெரிகிறது. ஒரே ஒரு தாளில் "30-க்குப் பிறகு இரட்டிப்பாகவில்லை, ஏதோ தடுக்கிறது" என்று ஓரத்தில் பென்சிலில் எழுதியிருந்தது. அந்த வரிக்கு முழு மதிப்பெண் கொடுத்தேன். பேனாவில் எழுதியிருக்கலாமே!

உச்சியைப் பற்றி ஒரு வார்த்தை. "உகந்த வெப்பநிலை சரியாக 40 டிகிரி" என்று எழுதியவர்களுக்கும், "37 டிகிரி" என்று எழுதியவர்களுக்கும் முழுதாகக் கொடுக்க முடியவில்லை. நம்மிடம் 30, 40, 50 மட்டும்தான் இருக்கின்றன. 37 என்பது உடல் வெப்பநிலை. அது நீங்கள் ஏற்கெனவே அறிந்தது, இந்த அளவீட்டில் இருந்து வந்ததில்லை. "30-க்கும் 50-க்கும் இடையில், 40-ஐ ஒட்டி, துல்லியமாகச் சொல்ல 35, 37, 42, 45 டிகிரிகளிலும் அளக்க வேண்டும்" என்பதே இந்த வரைபடம் அனுமதிக்கும் விடை. அதேபோல 60 டிகிரிக்கு வேகம் பூச்சியம் என்று புள்ளி வைத்தவர்களும் கவனியுங்கள். 900 வினாடிக்குள் முடியவில்லை என்பதுதான் நமக்குத் தெரியும். ஆக வேகம் 1.1-க்கும் கீழே. பூச்சியமாகவும் இருக்கலாம். வினாத்தாளில் இதை எப்படிக் குறிப்பது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததால் யாருக்கும் குறைக்கவில்லை.

வடிவத்துக்கு வருவோம். பலர் இருபுறமும் ஒரே சரிவாக, கோயில் மணி கவிழ்த்தது போல வரைந்தீர்கள். வெப்பநிலைக் கோடு அப்படி இருக்காது. இடப்பக்கம் மெல்ல ஏறும், வலப்பக்கம் செங்குத்தாக விழும். புரதத்தைப் பிடித்து வைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளும் நீர்வெறுப்பு ஈர்ப்புகளும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. சில தளர்ந்தால் மற்றவையும் சேர்ந்து தளரும். அதனால்தான் சில டிகிரிக்குள் எல்லாம் கலைந்துவிடுகிறது.

"அதிக வெப்பத்தில் பெப்டைடு பிணைப்புகள் உடைகின்றன" என்று ஒன்பது பேர். இல்லை. பெப்டைடு பிணைப்பு உறுதியானது. 60 டிகிரி வெந்நீர் அதை ஒன்றும் செய்யாது. சங்கிலி அறுவதில்லை, அதன் மடிப்பு குலைகிறது. செயல்படு மையத்தின் வடிவம் போய்விடுகிறது. வெந்த முட்டையின் வெள்ளைக்கருவை நினைத்துக்கொள்ளுங்கள், ஆறினாலும் அது பழைய நிலைக்குத் திரும்பாது.

அப்புறம், "குளிரில் நொதி இறந்துவிடும்" என்று ஆறு பேர். நொதி உயிரி இல்லை, இறப்பதற்கு. 10 டிகிரியில் அதன் வடிவம் அப்படியே இருக்கிறது, மோதல்தான் குறைவு. அந்தச் சோதனைக்குழாயை 37 டிகிரி நீரில் வைத்தால் வேகம் திரும்ப வரும். 70 டிகிரியில் வைத்த குழாயைக் குளிர்வித்தால் வராது. இந்த வேறுபாட்டை எழுதினால்தான் கோட்டின் இரண்டு முனைகளுக்கும் காரணம் சொன்னதாக ஆகும்.

இரண்டாவது, pH. பெப்சினுக்கும் டிரிப்சினுக்கும் ஒரே தாளில் வரையச் சொன்னேன். பெப்சின் 2-ஐ ஒட்டி உச்சம், டிரிப்சின் 8-ஐ ஒட்டி உச்சம். மூன்று பேர் இரண்டு மலைகளையும் ஒரே கோடாக இணைத்து, ஒட்டகத்தின் முதுகு போல வரைந்துவிட்டீர்கள். அப்படி வரைந்தால் ஒரே நொதி இரண்டு இடத்தில் வேலை செய்கிறது என்று பொருள். இரண்டு கோடுகள், இரண்டு பெயர்கள் வேண்டும்.

காரணம் எழுதும் இடத்தில் வெப்பநிலைக்கு எழுதியதையே நகலெடுத்தவர்கள் நிறைய: "pH கூடும்போது ஆற்றல் கூடுகிறது, பிறகு இயல்பிழக்கிறது". pH கூடுவதால் இயக்க ஆற்றல் கூடுவதில்லை. இங்கே நடப்பது மின்னூட்ட மாற்றம். செயல்படு மையத்தில் இருக்கும் அமினோ அமிலங்களின் பக்கக் கிளைகள் ஹைட்ரஜன் அயனியை ஏற்கும் அல்லது இழக்கும். பெப்சினில் இரண்டு அஸ்பார்டிக் அமிலங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. ஒன்று ஹைட்ரஜனை வைத்திருக்க வேண்டும், மற்றொன்று இழந்திருக்க வேண்டும். pH மிகக் குறைந்தால் இரண்டும் வைத்துக்கொள்ளும், கூடினால் இரண்டும் இழந்துவிடும். இரண்டு பக்கமும் கோடு ஏன் இறங்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டாம். டிரிப்சினில் ஒரு ஹிஸ்டிடின் இருக்கிறது; அமிலத்தில் அது ஹைட்ரஜன் அயனியைப் பிடித்துக்கொண்டால் வேலை நின்றுவிடும்.

உச்சத்திலிருந்து வெகுதூரம் போகும்போதுதான் முழு வடிவமும் குலைவது வருகிறது. பெப்சின் 7-ஐத் தாண்டினால் மீளாதபடி இயல்பிழந்துவிடும். அதற்கு முன் வரும் சிறு இறக்கத்துக்கு எல்லாம் 'இயல்பிழத்தல்' என்று முத்திரை குத்தாதீர்கள். இன்னொன்று, pH 2-இலிருந்து 4-க்கு இரண்டே கட்டம் என்று நினைக்கவேண்டாம். ஹைட்ரஜன் அயனிச் செறிவு நூறு மடங்கு குறைகிறது. 'நடுநிலை 7-இல் எல்லா நொதிகளும் நன்றாக இயங்கும்' என்று எழுதிய இருவர், தங்கள் வரைபடத்திலேயே பெப்சின் கோடு 7-இல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

மூன்றாவது, தளப்பொருள் செறிவு. இதில்தான் எனக்கு அதிக நேரம் போனது. நொதியின் அளவை மாற்றாமல், தளப்பொருளை 1, 2, 4, 8, 16, 32 மில்லிமோலார் என்று கூட்டியபோது வேகம் 20, 33, 50, 67, 80, 89. கோடு வளைந்து மட்டத்தை நோக்கிப் போகிறது. ஏன்?

"தளப்பொருள் தீர்ந்துவிட்டதால்" என்று பதினேழு பேர் எழுதியிருக்கிறீர்கள். இத்தனை பேர் ஒரே தவறைச் செய்யும்போது அதற்கு ஒரு வேர் இருக்கும். போன மாதம் செய்முறை வகுப்பில் நேரத்துக்கு எதிராக விளைபொருளின் அளவை வரைந்தோம். அந்தக் கோடும் இதேபோல மட்டமானது, அங்கே உண்மையிலேயே தளப்பொருள் தீர்ந்துபோனது. உருவம் ஒன்று, காரணம் வேறு. கிடை அச்சில் அங்கே நேரம், இங்கே செறிவு. இங்கே வலப்பக்கம் போகப் போகத் தளப்பொருள் கூடிக்கொண்டே போகிறது. தீர வாய்ப்பே இல்லை. போதாமல் போனது நொதி. கிட்டத்தட்ட எல்லாச் செயல்படு மையங்களும் நிரம்பிவிட்டன.

ஒருவர் கல்யாணப் பந்தியை எடுத்துக்காட்டாக எழுதியிருந்தார்: நூறு இலை போட்ட இடத்தில் வெளியே ஐந்நூறு பேர் நின்றாலும் நூறு பேர்தான் சாப்பிட முடியும். மிகவும் பிடித்தது. ஒரு திருத்தம் மட்டும்: பந்தியில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சேர்ந்து எழுகிறார்கள். நொதியில் ஒவ்வொரு இலையும் தனித்தனியாகக் காலியாகி நிரம்புகிறது. கூட்டம் கூடக் கூடக் காலி இலை கிடைப்பது அரிதாகிறது; கோடு திடீரென்று முறியாமல் மெல்ல வளைவது அதனால்தான்.

"நொதி களைத்துவிட்டது", "நொதி செலவாகிவிட்டது" என்றவர்களுக்கு மதிப்பெண் இல்லை. கடைசியில் கோட்டைக் கீழே இறக்கியவர்கள் ஐந்து பேர். முதல் இரண்டு வரைபடங்களின் பழக்கத்தில் கை இறங்கிவிட்டது என்று நினைக்கிறேன். கொடுத்த எண்களில் இறக்கமே இல்லை.

உச்ச வேகம் 89 என்று எழுதியவர்கள் கவனமாகப் படியுங்கள். 16-க்கும் 32-க்கும் இடையே வேகம் 9 கூடியிருக்கிறது. கோடு இன்னும் ஏறுகிறது, மட்டமாகவில்லை. 1913-இல் மைக்கேலிஸ், மென்டன் இருவரும் கொடுத்த சமன்பாடு இது:

v = Vmax[S] / (Km + [S])

Vmax 100, Km 4 என்று போட்டுப் பாருங்கள், ஆறு எண்களும் வரும். 64 போட்டால் 94. நூறை நெருங்கிக்கொண்டே போகும், தொடாது. 89-ஐ உச்சமாக எடுத்து அதில் பாதிக்கு நேரே Km பார்த்தவர்களுக்கு 3.2 வந்திருக்கும்; 4 வர வேண்டும். முறை சரி என்பதால் அரை மதிப்பெண் கொடுத்திருக்கிறேன். நொதியை இரட்டிப்பாக்கினால் என்ன ஆகும் என்ற துணைக் கேள்விக்கு, Vmax 200 ஆகும், Km 4-ஆகவே இருக்கும். இலைகள் இருநூறாயின, ஒவ்வொரு இலையின் தன்மை மாறவில்லை.

திங்கட்கிழமை முதல் பாடவேளைக்கு எல்லோரும் வெப்பநிலை வரைபடத்தை வேகத்தைக் கொண்டு மறுபடி வரைந்து வாருங்கள். மூன்றாம் வரைபடத்துக்குக் காரணம் மட்டும், மூன்று வரிக்குள். 'தீர்ந்துவிட்டது' என்ற சொல் அதில் வரக்கூடாது. புதிதாக எழுதியதற்கும் மதிப்பெண் சேர்ப்பேன். கூட்டலில் பிழை இருந்தால் அன்றைக்கே தாளைக் கொண்டு வந்து காட்டுங்கள்.