மொத்தக் கொள்முதலுக்கு முன் டேட்டாஷீட்டும் டிஸ்சார்ஜ் சோதனைப் பதிவும் கோரி விநியோகஸ்தருக்குக் கடிதம்

நாள்: 17.03.2025

அனுப்புநர்:
உரிமையாளர்,
டார்ச், அவசரகால விளக்கு விற்பனை மற்றும் பழுதுபார்ப்புக் கடை.

பெறுநர்:
விற்பனை மேலாளர்,
லித்தியம் அயான் செல் விநியோகப் பிரிவு.

பொருள்: 18650 அளவு, 2600 எம்.ஏ.எச். செல்கள் 2,000 வாங்குவதற்கு முன் டேட்டாஷீட்டும் டிஸ்சார்ஜ் சோதனைப் பதிவும் கோருதல் தொடர்பாக.

பார்வை: தங்கள் 03.03.2025 நாளிட்ட விலைப்புள்ளி, 10.03.2025 அன்று பெறப்பட்ட 10 மாதிரி செல்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தாங்கள் அனுப்பிய விலைப்புள்ளியும் மாதிரி செல்களும் கிடைத்தன. விலையிலும் விநியோகக் கால அளவிலும் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், விலைப்புள்ளியுடன் வந்திருப்பது படங்கள் நிறைந்த ஒரு பக்க விளம்பரத் தாள் மட்டுமே, அதில் "2600 எம்.ஏ.எச்." என்ற எண் இருக்கிறதே தவிர, அந்தக் கொள்ளளவு எந்த மின்னோட்டத்தில், எந்த வோல்ட் வரை, எந்த வெப்பநிலையில் அளக்கப்பட்டது என்ற விவரம் எதுவும் இல்லை.

மாதிரிகளில் நான்கை எங்கள் பணிமனையில் சோதித்தோம். 4.20 வோல்ட் வரை சார்ஜ் செய்து, மின்னோட்டம் 130 மில்லி ஆம்பியருக்கு இறங்கிய பின் நிறுத்தி, ஒரு மணி நேரம் ஆறவிட்டு, 520 மில்லி ஆம்பியரில் 2.75 வோல்ட் வரை இறக்கினோம். மூன்று செல்கள் முறையே 2540, 2525, 2555 எம்.ஏ.எச். தந்தன, இதை எங்கள் கருவியின் பிழை வரம்புக்குள் ஏற்றுக்கொள்கிறோம். நான்காவது செல் 2190 எம்.ஏ.எச். மட்டுமே தந்தது. மற்றவை 45 கிராமுக்குச் சற்று மேல் இருக்க, இது 42 கிராம் இருந்தது. உறையைப் பிரித்துப் பார்த்தபோது எதிர்முனையில் பழைய ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் இரண்டு தேய்க்கப்பட்டிருந்த தடம் தெரிந்தது. பழைய பேட்டரி பேக்கிலிருந்து கழற்றப்பட்ட செல் தவறுதலாகக் கலந்திருக்கலாம் என்றே கருதுகிறோம். எனினும் 10 மாதிரிகளுக்குள்ளேயே இது நேர்ந்திருப்பதால், 2,000 செல்களைக் குறித்து எழுத்துபூர்வமான உறுதி தேவைப்படுகிறது.

எனவே, முதலாவதாக, செல்லைத் தயாரித்த நிறுவனத்தின் முழு டேட்டாஷீட்டை, மாடல் எண்ணும் திருத்தப் பதிப்பு எண்ணும் தெளிவாகத் தெரியும்படி அனுப்பி வைக்க வேண்டுகிறோம். அதில் வழக்கமான கொள்ளளவு மட்டுமன்றிக் குறைந்தபட்சக் கொள்ளளவும், தொடர்ச்சியாக எடுக்கத்தக்க அதிகபட்ச மின்னோட்டமும், உள் மின்தடையும், எத்தனை சுழற்சிகளுக்குப் பின் எத்தனை விழுக்காடு கொள்ளளவு எஞ்சும் என்பதும் இருக்க வேண்டும்.

இரண்டாவதாக, எங்களுக்கு அனுப்பப்படவிருக்கும் அதே லாட்டிலிருந்து, எங்கள் விருப்பப்படி எடுக்கப்பட்ட 20 செல்களின் டிஸ்சார்ஜ் சோதனைப் பதிவு தேவை. சோதனை 520 மில்லி ஆம்பியரிலும், 2.6 ஆம்பியரிலும் தனித்தனியே நடத்தப்பட வேண்டும். குறைந்த மின்னோட்டத்தில் மட்டும் அளந்தால், உள் மின்தடை கூடிய செல்லும் நல்ல எண்ணையே காட்டிவிடும். எங்கள் டார்ச்சுகளோ முழு வெளிச்சத்தில் 2 ஆம்பியருக்கு மேல் இழுப்பவை. அங்கே அத்தகைய செல்லின் வோல்ட் சட்டென்று சரிந்து, பாதிச் சார்ஜிலேயே விளக்கு அணைந்துவிடும். ஆகவே இறுதி எண் மட்டும் போதாது. நேரத்துக்கு எதிரான வோல்ட் வரைபடமும், கருவி பதிந்த மூலத் தரவுக் கோப்பும், லாட் எண், சோதனை நாள், அறை வெப்பநிலை ஆகியவற்றுடன் வேண்டும். ஐ.ஈ.சி. 61960 முறைப்படி வெளி ஆய்வகம் ஒன்றில் நடத்திய சோதனை அறிக்கை தங்களிடம் இருந்தால் மிகவும் நல்லது. ஆயினும் அது லாட் சோதனைக்கு மாற்றாகாது.

இவற்றுடன் ஐ.ஈ.சி. 62133 பாதுகாப்புச் சான்றையும், யு.என். 38.3 சோதனைச் சுருக்கத்தையும் இணைத்து அனுப்பவும்.

இத்தனையும் கேட்பது தங்கள் மீதுள்ள ஐயத்தால் அன்று. முன்பு வேறொரு விநியோகஸ்தரிடம் உறையில் அச்சிட்டிருந்த எண்ணை நம்பி 300 செல்கள் வாங்கினோம். அவற்றில் பெரும்பாலானவை பாதிக் கொள்ளளவைக்கூடத் தரவில்லை. வாடிக்கையாளர்கள் திருப்பிக் கொண்டுவந்த டார்ச்சுகளுக்கு எங்கள் கைப்பணத்தில் செல் மாற்றிக் கொடுத்தோம்.

ஆவணங்கள் 28.03.2025-க்குள் கிடைத்து, 20 செல்களும் 520 மில்லி ஆம்பியரில் 2500 எம்.ஏ.எச்.-க்குக் குறையாமல் இருந்தால், மூன்று வேலை நாட்களுக்குள் கொள்முதல் ஆணையும் முன்பணமும் அனுப்பி வைக்கிறோம். சரக்கு வந்த பின் நாங்களும் 20 செல்களை இதே முறையில் சோதிப்போம். குறைபாடுள்ள லாட்டைத் தங்கள் செலவில் திரும்பப் பெறுவதற்கான ஒப்புதலையும் பதிலில் குறிப்பிடக் கேட்டுக்கொள்கிறோம். மேலே சொன்ன நான்காவது செல்லைப் பிரித்த உறையுடன் தனியே எடுத்து வைத்திருக்கிறோம். தங்கள் பிரதிநிதி வந்தால் நேரில் காட்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கடை உரிமையாளர்

இணைப்பு: நான்கு மாதிரி செல்களின் சோதனைப் பதிவு, நான்காவது செல்லின் எதிர்முனைப் புகைப்படங்கள் இரண்டு.