நாளைக்குப் பத்து மணிக்கு

"குட் மார்னிங் சார். மை நேம் இஸ் செல்வராஜ். ஐ ஆம் வொர்க்கிங் இன் திஸ் மில் சின்ஸ் 22 இயர்ஸ்."

"ஐ ஹேவ் பீன் வொர்க்கிங். ஃபார் 22 இயர்ஸ். முதல்ல இருந்து சொல்லுங்கப்பா."

செல்வராஜ் மறுபடி குட் மார்னிங்கில் இருந்து ஆரம்பித்தார். இந்தத் தடவை 'பீன்' வந்தது, 'ஃபார்' விட்டுப்போனது. கயல் கையில் இருந்த பேனாவால் பேப்பரில் தட்டினாள். பி.காம் இரண்டாம் வருஷம். கல்லூரியில் அவளுக்கு ஆங்கிலம் எடுக்கும் மேடமும் இப்படித்தான் தட்டுவாராம். அதை அவளே பல தடவை குறையாகச் சொல்லியிருக்கிறாள்.

முன்பெல்லாம் மில்லில் சூப்பர்வைசர் ஆவதற்கு இன்டர்வியூ எல்லாம் கிடையாது. நூல் நூற்கும் ரிங் ஃபிரேமில் பல வருஷம் பழம் தின்று கொட்டை போட்ட ஆளைக் கூப்பிட்டு, "நாளையில இருந்து நீ பார்த்துக்கோ" என்பார்கள், அவ்வளவுதான். இப்போது வந்திருக்கும் மேனேஜருக்குத் தமிழ் தெரியாது. ஷிப்ட் முடிந்ததும் எத்தனை கிலோ ஓடியது, எந்த மெஷின் எதனால் நின்றது என்று ஆங்கிலத்தில் மெயில் போட வேண்டும். அதனால் இன்டர்வியூவும் ஆங்கிலத்தில்தான் என்று சொல்லிவிட்டார்கள். மூன்று பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். செல்வராஜ், சிம்ப்ளெக்ஸில் இருக்கும் முருகேசன், டிப்ளமோ முடித்துவிட்டுப் போன வருஷம் சேர்ந்த ஒரு பையன்.

கயல் இரண்டு பக்கத்துக்குக் கேள்வி பதில் எழுதி வைத்திருந்தாள். நல்ல பதில்கள்தான். 'ஐ ஆம் எ ஹார்ட்வொர்க்கிங் அண்ட் டெடிகேட்டட் பர்சன்' என்று தொடங்கி, 'இட் வில் பி அன் ஹானர் டு சர்வ் திஸ் எஸ்டீம்ட் ஆர்கனைசேஷன்' என்று முடியும். எஸ்டீம்ட் வரும்போதெல்லாம் செல்வராஜ் தண்ணீர் குடித்தார்.

"கையை ஆட்டாதீங்கப்பா. இன்டர்வியூல கையை மடியில வெச்சுக்கணும்."

"நான் எங்க ஆட்டுறேன்?"

"இதோ, இப்பக்கூட."

அவருடைய வலதுகைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன. அறுந்த நூலைப் பிடித்து, டிராவலரில் மாட்டி, ரோலர் வாயில் கொண்டுபோய் வைத்தால் வந்துகொண்டிருக்கும் பஞ்சோடு அது முறுக்கிக்கொள்ளும். பீஸிங் என்பது அதுதான். மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் ஜாபர் ஆகிப் பல வருஷமாகியும், நடந்து போகிற வழியில் ஓர் இழை அறுந்து கிடந்தால் அவர் கை தானாக அதற்குப் போய்விடும். கயல் சொன்னதும் கைகளைக் கோத்து மடியில் வைத்துக்கொண்டார். வைத்ததும் அடுத்த வரி மறந்துபோனது.

"என்னங்க, பேசாம தூங்குங்க. காலையில பார்த்துக்கலாம்" என்று உள்ளே இருந்து லட்சுமி குரல் கொடுத்தாள்.

"இன்னும் அரை மணி நேரம்" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

அப்போதுதான் முருகேசன் போன் செய்தான்.

"படிக்கிறியா செல்வம்?"

"பாப்பா சொல்லிக் குடுத்துட்டு இருக்கா."

"உனக்கு ஆள் இருக்கு. என் வீட்டுப் பசங்ககிட்ட கேட்டா, ரெண்டாவது படிக்கிறவன் ஏபிசிடி சொல்லிக் காட்டுறான். முதல்ல நம்மளைப் பத்திச் சொல்லச் சொல்வாங்களாமே, அதுக்கு என்னடா சொல்லணும்?"

செல்வராஜ் பேப்பரை எடுத்தார். கயல் கண்ணைப் பெரிதாக்கி, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவர் பார்த்தார். பார்த்துவிட்டு, "எழுதிக்கோ" என்று சொல்லி வாசிக்கத் தொடங்கினார். ஹார்ட்வொர்க்கிங், டெடிகேட்டட், எஸ்டீம்ட் எல்லாம் ஒன்று விடாமல். வாசிப்பதற்கென்றால் அவருக்குத் தடங்கலே இல்லை. முதல் பக்கம் முடிந்து இரண்டாம் பக்கத்துக்குத் திருப்பியபோது கயல் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

போனை வைத்ததும், "எதுக்குப்பா?" என்றாள்.

"கேட்டான்."

"ஒரு வேலைக்கு மூணு பேர் போறீங்க. அவர் உங்களுக்குப் போட்டி."

"அது நாளைக்குப் பத்து மணிக்கு. இன்னைக்கு அவனுக்கு இங்கிலீஷ் தெரியலை, எனக்கும் தெரியலை." கொஞ்சம் யோசித்து, "நான் மில்லுல சேர்ந்தப்போ எனக்கு பீஸிங் சொல்லிக் குடுத்ததே அவன்தான். மூணு நாள் விரல் எரிஞ்சுது. நாலாவது நாள் நான் நின்னுக்கறேன்னு சொல்லிட்டேன். அவன்தான் சாயங்காலம் வீடு தேடி வந்து மறுநாள் கூட்டிட்டுப் போனான்."

"அதெல்லாம் சரிப்பா. ஆனா நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் உள்ள போய் ஒரே பதிலை வார்த்தை மாறாம சொல்லப்போறீங்க. எழுதிக் குடுத்தது ஒரே ஆளுன்னு அவங்களுக்குத் தெரியாதா? இப்ப அந்தப் பேப்பர் உங்களுக்கும் உதவாது, அவருக்கும் உதவாது."

செல்வராஜுக்கு அது உறைக்கவே சற்று நேரமானது. பேப்பரைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பத்தே முக்கால்.

"இப்ப என்ன பண்றது?"

கயலுக்குக் கோபம் இன்னும் தணியவில்லை. ஆனாலும் பேப்பரை வாங்கி நான்காக மடித்துத் தன் புத்தகத்துக்குள் செருகினாள். நாற்காலியை அவருக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எழுதி வெச்சதை விட்டுடுங்க. நான் கேட்கிறேன், வாயில வர்றதைச் சொல்லுங்க. மிஸ்டர் செல்வராஜ், இஃப் யார்ன் இஸ் பிரேக்கிங் டூ மச், வாட் வில் யூ டூ?"

"இந்தக் கேள்வி லிஸ்ட்லயே இல்லையே."

"மேனேஜர் லிஸ்ட் பார்த்தா கேட்கப்போறார்?"

அவர் தொண்டையைச் செருமினார். "ஃபர்ஸ்ட் ஐ சீ. ஃபுல் மெஷின் பிரேக்கிங், ஆர் ஒன் ஸ்பிண்டில் பிரேக்கிங்."

"ம்."

"ஒன் ஸ்பிண்டில், அகெய்ன் அகெய்ன் சேம் பிளேஸ் மீன்ஸ், டிராவலர் ஓல்ட். ஆர் ஸ்பிண்டில் நாட் இன் சென்டர். ஆர் ரிங் டேமேஜ். ஐ செக், ஐ சேஞ்ச். ஃபுல் மெஷின் மீன்ஸ், நோ டச் மெஷின். ஃபர்ஸ்ட் ஹ்யூமிடிட்டி செக்கிங். ஏர் டிரை மீன்ஸ் பஞ்சு... காட்டன் ஃபிளையிங், ரோலர்ல லேப்பிங். ஹ்யூமிடிட்டி ஓகே மீன்ஸ், ஐ கோ சிம்ப்ளெக்ஸ், ஆஸ்க் ரோவிங் ஹவ். ஆஸ்க் கவுண்ட் சேஞ்ச் டன் ஆர் நாட். கவுண்ட் சேஞ்ச் டன், டிராவலர் நம்பர் சேஞ்ச் நாட் டன் மீன்ஸ், ஹோல் நைட் பிராப்ளம் சார்."

சொல்லி முடித்துவிட்டுத்தான் மடியில் இருந்த கை எப்போதோ மேலே வந்து, காற்றில் ஒரு ஸ்பிண்டிலைப் பிடித்து நிறுத்தியிருப்பதைக் கவனித்தார். சட்டென்று இறக்கினார்.

"பரவாயில்ல, கை இருக்கட்டும்" என்றாள் கயல். அவர் சொன்னதில் பாதிக்கு மேல் அவளுக்குப் புரியவில்லை. மில்லைப் பற்றி வீட்டில் அவர் பேசியதே கிடையாது. ஷிப்ட் மாறுவதும் தலைமுடியில் ஒட்டிவரும் பஞ்சும்தான் அவளுக்குத் தெரிந்த மில். 'மீன்ஸ்' ஒவ்வொன்றையும் 'இஃப்' ஆக்கச் சொல்லலாமா என்று நினைத்தாள். ஐந்தாறு இடத்தில் மாற்ற வேண்டியிருக்கும், விட்டுவிட்டாள். "'நோ டச் மெஷின்' மட்டும் வேண்டாம். 'ஐ வில் நாட் டச் தி மெஷின்.' அதை மட்டும் மாத்திக்குங்க."

"ஐ வில் நாட் டச் தி மெஷின்."

"சூப்பர். அடுத்து. எ வொர்க்கர் இஸ் ஸ்லீப்பிங் இன் நைட் ஷிப்ட். வாட் வில் யூ டூ?"

"ஐ வேக் ஹிம்."

"அவ்வளவுதானா? ரிப்போர்ட் பண்ண மாட்டீங்களா?"

"ஃபர்ஸ்ட் டைம், ஐ டெல், கோ, வாஷ் ஃபேஸ், கம். செகண்ட் டைம், ஐ ஆஸ்க் ஒய். ஹோம் ப்ராப்ளம் ஆர் டபுள் ஷிப்ட். தூங்கிட்டே மெஷின்ல கை வெச்சா... ஹேண்ட் கட் ஆகும் சார். தர்ட் டைம் ரிப்போர்ட்."

"ஹேண்ட் வில் கெட் கட்."

"ஹேண்ட் வில் கெட் கட்" என்று சொன்னவர், அதைச் சொல்வதே பிடிக்காதவர்போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கயல் அடுத்த கேள்விக்குப் போகத் தயங்கினாள். பேப்பரில் அதற்கு 'பிகாஸ் ஐ ஆம் தி பெஸ்ட் அமங் ஆல் கேண்டிடேட்ஸ்' என்று எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தாள்.

"ஒய் ஷுட் வி செலக்ட் யூ?"

"இதுக்கு நீ எழுதினதை நான் எப்படியும் சொல்லியிருக்க மாட்டேன்."

"ஏன்?"

"முருகேசன் என்னைவிட நல்ல வேலைக்காரன். சத்தத்தை வெச்சே எந்த பேரிங் போகப்போகுதுன்னு சொல்லிடுவான். அவன் வெளிய பெஞ்சுல உட்கார்ந்திருக்கும்போது நான் உள்ள போய் நான்தான் பெஸ்டுன்னு சொல்றதா?"

"அப்ப அவரையே எடுத்துக்கங்கன்னு சொல்லிட்டு வந்துடுங்க." சுருக்கென்று கேட்டுவிட்டாளே தவிர, கேட்ட உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

செல்வராஜ் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தபடி வார்த்தைகளைக் கோத்துக்கொண்டிருந்தார்.

"ஐ வான்ட் திஸ் ஜாப் சார்" என்றார். "மில்லுல நியூ பீப்பிள் கம்மிங், டென் டேஸ் தே கோ. நோபடி டீச்சிங், ஒன்லி ஷவுட்டிங். ஐ டீச். மை லைன்ல நியூ பீப்பிள் ஸ்டே. யூ சீ அட்டென்டன்ஸ் புக் சார்."

கயல் கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை.

"தப்பா?" என்றார்.

"அட்டென்டன்ஸ் புக் நிஜமாவே அப்படித்தான் இருக்கா?"

"பின்ன? நானே போய்ப் பார்த்தேன், போன வாரம்."

"எதுக்கு?"

"இந்தக் கேள்வி வரும்னு ஆபீஸ்ல சொன்னாங்க" என்றார், கொஞ்சம் கூச்சத்தோடு.

அவள் சிரித்துவிட்டாள். 'யூ கேன் செக் தி அட்டென்டன்ஸ்' என்று மட்டும் திருத்திக் கொடுத்தாள். அவர் அதை மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். மூன்று தடவையும் 'செக் தி' சரியாக வந்தது.

போன் மறுபடி அடித்தது. முருகேசன்தான்.

"செல்வம், அந்த எஸ்டீமுக்கு அப்புறம் என்னடா, ஸ்டீம் ஆர்கனா, ஸ்டீம் இன்ஜினா?"

செல்வராஜ் மகளைப் பார்த்தார். இந்தத் தடவை அவர் எதுவும் கேட்கவில்லை. கயல்தான் போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டு ஸ்டூல் மேல் வைத்தாள்.

"மாமா, நான் கயல். அப்பா சொன்ன பேப்பரைத் தூக்கிப் போட்டுடுங்க. நான் கேட்கிறேன், நீங்களா சொல்லுங்க. வாட் இஸ் யுவர் வீக்னஸ்?"

"ஐயோ, இப்பவேவா?"

"இப்பவே."

அந்தப் பக்கம் டிவி நிறுத்தப்படும் சத்தம் கேட்டது.

"மை வீக்னஸ் சார்... ஆங்க்ரி சார். வெரி ஆங்க்ரி கம்மிங். பட் ஒன்லி டென் மினிட்ஸ். ஆஃப்டர் டென் மினிட்ஸ், ஐ கோ, ஐ டாக்."

"பத்து நிமிஷமா?" என்றார் செல்வராஜ். "பேரிங் விஷயத்துல என்கூட ரெண்டு நாள் பேசாம இருந்தியேடா!"

"அதை எல்லாம் இன்டர்வியூல சொல்ல முடியுமாடா?"

"பத்து நிமிஷமே இருக்கட்டும் மாமா, நல்லாயிருக்கு" என்றாள் கயல். "அப்பா, அதே கேள்வி, இப்ப நீங்க. கோபம்னு மட்டும் சொல்லக் கூடாது, அதை மாமா எடுத்துக்கிட்டார்."