அரைவட்டக் கண்ணாடிக் குற்றியின் முறிவுச்சுட்டியை அவதிக்கோணத்தின் மூலம் துணிதல்

உயர்தரப் பௌதிகவியல் செய்முறை அறிக்கை
இடம்: பாடசாலை ஆய்வுகூடம், திருகோணமலை
திகதி: 12.03.2025

நோக்கம்

தரப்பட்ட அரைவட்டக் குற்றியினுள் இருந்து வளியினுள் செல்லும் செந்நிற ஒளிக்கான அவதிக்கோணத்தை அளந்து, குற்றியின் முறிவுச்சுட்டியையும் அதன் நிச்சயமின்மையையும் பெறுதல். குற்றி கண்ணாடியா, அதைப் போலவே தோற்றமளிக்கும் பேர்ஸ்பெக்ஸா என்பதில் எங்கள் குழுவுக்குள் ஐயம் இருந்தது. பேர்ஸ்பெக்ஸின் முறிவுச்சுட்டி ஏறத்தாழ 1.49, சாதாரண கிரௌன் கண்ணாடியினுடையது ஏறத்தாழ 1.52. ஆகவே இரண்டாம் தசமதானத்தில் நம்பத்தக்க பெறுமானம் ஒன்று தேவைப்பட்டது.

கோட்பாடு

அடர் ஊடகத்தினுள் படுகோணம் c ஆக இருக்கும்போது வளியில் முறிகோணம் 90° ஆனால், சினெல்லின் விதிப்படி n sin c = sin 90°, அதாவது n = 1/sin c ஆகும். இதிலிருந்து Δn = n cot c · Δc எனப் பெறலாம்; இங்கு Δc ஆரையனில் இருத்தல் வேண்டும். வளைந்த மேற்பரப்பினூடாகக் குற்றியின் மையத்தை நோக்கி வரும் கதிர் அப்பரப்பில் செவ்வனாகப் படுவதால் அங்கே திரும்புவதில்லை. குற்றியை அரைவட்டமாகச் செய்திருப்பதன் காரணம் இதுவே.

செய்முறை

A3 தாளில் 11.0 cm ஆரையுள்ள வட்டம் ஒன்றை வரைந்து, ஒரு பாகை இடைவெளிகளில் அடையாளமிட்டோம். வட்டத்தின் மையம் O. O இனூடாகச் செவ்வனையும், அதற்குச் செங்குத்தாக ஒரு கோட்டையும் வரைந்து, பிந்திய கோட்டின் மீது 4.0 cm ஆரையுள்ள குற்றியின் தட்டையான முகம் படியுமாறு வைத்தோம். தட்டை முகத்தில் விரலடையாளம் இருந்தமையால் மெதைலேற்றிய மதுசாரத்தால் துடைத்த பின்னரே அளக்கத் தொடங்கினோம். மெல்லிய சமாந்தரப் படலம் அவதிக்கோணத்தை மாற்றாது. ஆயினும் அதிலிருந்து சிதறும் ஒளி, கதிர் மறையும் கணத்தைக் காணவிடாது.

12 V கதிர்ப்பெட்டியின் பிளவுக்கு முன்னால் செந்நிறச் செலோபேன் தாளை ஒட்டினோம். அதனை ஒட்டாமல் முதலில் வெள்ளொளியுடன் முயன்றபோது, முறிகதிர் முகத்தை நெருங்க நெருங்க நிறங்களாகப் பிரிந்து, நீலம் முதலிலும் சிவப்பு இறுதியிலும் மறைந்தன. "மறைந்த கணம்" என ஒன்றைக் குறிக்க இயலவில்லை. கடற்பக்க யன்னல்களிலிருந்து வந்த ஒளி மங்கலான கதிரை விழுங்கியமையால் திரைச்சீலைகளையும் மூட நேர்ந்தது.

கதிரை O இலிருந்து விலகாமல் வைத்துக்கொண்டு, பெட்டியைச் செவ்வனின் இடப்புறமாகச் சுற்றி, படுகோணத்தைச் சிறிது சிறிதாக அதிகரித்தோம். முறிகதிர் முகத்தை ஒட்டி மறைந்து, தெறிகதிர் திடீரெனப் பிரகாசமடைந்த நிலையில் கோணத்தை 0.5° வரை மதிப்பிட்டு வாசித்தோம். பின்னர் வலப்புறத்திலும் அவ்வாறே செய்தோம். ஒருவர் பெட்டியை நகர்த்த, மற்றவர் பாகைகளைப் பார்க்காமல் கதிரை மட்டுமே பார்த்து "நிறுத்து" என்றார். முன்னைய வாசிப்பு அடுத்ததைப் பாதிக்காதிருக்கவே இந்த ஏற்பாடு.

வாசிப்புகள்

இடப்புறம்: 42.0°, 42.5°, 42.0°, 42.5°, 42.0°. சராசரி 42.2°.
வலப்புறம்: 41.0°, 40.5°, 41.0°, 41.0°, 40.5°. சராசரி 40.8°.

ஒவ்வொரு தொகுதியினதும் நியம விலகல் 0.27°, சராசரியின் நியம வழு 0.12°. இரு பக்கங்களின் சராசரிகளுக்கிடையிலான வித்தியாசமோ 1.4°. எழுமாறான வழுவால் மட்டும் இவ்வளவு பெரிய வித்தியாசம் தோன்றாது.

கணிப்பு

இரு பக்கங்களின் சராசரி c = (42.2° + 40.8°)/2 = 41.5°.
n = 1/sin 41.5° = 1/0.6626 = 1.509.

இடப்புற வாசிப்புகளை மட்டும் எடுத்தால் n = 1.489, வலப்புறத்தை மட்டும் எடுத்தால் 1.530. முதலாவது பெறுமானம் பேர்ஸ்பெக்ஸினுடையதோடு அப்படியே பொருந்துகிறது. ஐந்து வாசிப்புகளும் அரைப் பாகைக்குள் ஒத்திருப்பதைக் கண்டு அதோடு நிறுத்தியிருந்தால், குற்றி பேர்ஸ்பெக்ஸ் என்றே எழுதியிருப்போம்.

வழு மதிப்பீடு

இரு பக்கங்களும் வேறுபடுவது, தட்டை முகம் வரைந்த கோட்டுடன் 0.7° சாய்ந்திருந்ததைக் காட்டுகிறது. இதனைச் சோதிக்க உருப்பெருக்கி வில்லையால் பார்த்தபோது, முகத்தின் ஒரு முனை கோட்டுக்கு முன்னாலும் மறுமுனை பின்னாலும் ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் விலகியிருந்தன. 40 mm இல் 0.5 mm என்பது 0.7° தான். பென்சில் கோட்டின் தடிப்பே இதற்குப் போதுமானது. இச்சாய்வு ஒரு பக்கத்தில் கூட்டுவதை மறுபக்கத்தில் கழிப்பதால் சராசரியில் நீங்கிவிடுகிறது. குற்றியின் மையம் கோட்டின் வழியே இடமோ வலமோ நகர்ந்திருந்தாலும் அந்த வழுவும் அவ்வாறே நீங்கும்.

செவ்வனின் வழியே முன்னும் பின்னும் ஏற்படும் நகர்வு அவ்வாறு நீங்காது. மையம் O இலிருந்து δ தூரம் முன்னே சென்றால், கதிர் வளைபரப்பில் δ sin c/R படுகோணத்துடன் படுகிறது. உள்ளே அது (1 − 1/n) பங்கால் திரும்புகிறது. δ = 0.5 mm, R = 40 mm எனின் திருப்பம் 0.16°, இரு பக்கத்திலும் ஒரே குறியுடையது. ஆதலால் இதனை முழுமையாக வழுவில் சேர்த்தோம்.

மூன்றாவதாக, கதிரின் அகலம் வட்டத்தின் விளிம்பில் 1.5 mm, அது 0.8° ஐ அடைக்கிறது. அதன் நடுவைக் குறிப்பதிலும் கதிர் மறையும் நிலையைத் தீர்மானிப்பதிலும் சேர்த்து 0.2° கொள்ளலாம். கண்ணுக்கு முறிகதிர் உண்மையில் மறைவதற்குச் சற்று முன்னதாகவே மறைந்துவிடுவதால், இப்பகுதி c ஐக் குறைத்துக் காட்டும் பக்கமே சாயும் எனக் கருதுகிறோம்.

இரு பக்கச் சராசரியின் எழுமாறான வழு 0.09°. எனவே

Δc = √(0.09² + 0.16² + 0.2²) = 0.27° ≈ 0.3° = 0.0052 ஆரையன்
Δn = 1.509 × 1.130 × 0.0052 = 0.009 ≈ 0.01

செந்நிற ஒளிக்கு n = 1.51 ± 0.01, சதவீத வழு ஏறத்தாழ 0.6%.

கலந்துரையாடல்

பேர்ஸ்பெக்ஸின் 1.49 எமது பெறுமானத்திலிருந்து நிச்சயமின்மையின் இரு மடங்கு விலகியுள்ளது. கிரௌன் கண்ணாடியின் 1.52 ஒரு மடங்கு எல்லையில் உள்ளது. குற்றி கண்ணாடி என்பதே கூடிய பொருத்தமான முடிவாகும், எனினும் இவ்வளவால் ஐயம் முற்றாக நீங்கிவிடாது.

ஒப்பிடுவதற்காக, கண்ணாடியினுள் 30.0° இல் இரு பக்கங்களிலும் முறிகோணத்தை அளந்து சராசரி 49.0° பெற்றோம். sin 49.0°/sin 30.0° = 1.509. பெறுமானம் ஒன்றாயினும், ஒவ்வொரு கோணத்துக்கும் அதே 0.3° வழுவைக் கொண்டால் இங்கு Δn 0.015 ஆகிறது. இரு கோணங்களை அளக்க வேண்டியிருப்பதோடு, 30° இன் cot பெறுமானம் 1.73 ஆக இருப்பதும் அதற்குக் காரணம். அவதிக்கோண முறையில் ஒரே கோணம், அதன் cot 1.13.

மீண்டும் செய்வதாயின் வாசிப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதில் பயனில்லை, ஏனெனில் மூன்று கூறுகளில் எழுமாறான வழுவே மிகச் சிறியது. பிளவை ஒடுக்கி, வட்டத்தின் ஆரையை இரு மடங்காக்குவோம். தட்டை முகத்தைப் பென்சில் கோட்டுக்குப் பதிலாக உலோக அடிமட்டம் ஒன்றின் விளிம்போடு ஒட்டிப் பொருத்திய பின் அடிமட்டத்தை அகற்றுவோம்.