நரம்பியல் புனர்வாழ்வில் தாளமும் பாட்டும்: சான்றுகள் சொல்வது என்ன?

திருகோணமலை, புனர்வாழ்வுப் பிரிவின் மாதாந்தக் கருத்தரங்கு. இயன்மருத்துவர்கள், பேச்சு மொழிச் சிகிச்சையாளர்கள், தொழில்வழிச் சிகிச்சையாளர்கள், தாதியர்கள் ஆகியோருக்கான வாசிப்புக் குறிப்பு.

இரண்டு கேள்விகளை எடுத்துக்கொண்டேன். பாரிசவாதமோ பார்க்கின்சன் நோயோ உள்ளவர் நடக்கும்போது சீரான தாளத்தைக் கேட்பித்தால் நடை மேம்படுமா? பேச்சிழந்தவர் பாட்டின் வழியாகப் பேச்சை மீட்க முடியுமா? இரண்டையும் ‘இசைச் சிகிச்சை’ என்ற ஒரே பெயரில் அடக்குவது வழக்கமாகிவிட்டது. ஆனால் இரண்டுக்கும் உள்ள சான்றுகளின் பலம் ஒன்றல்ல. நடைக்கான சான்று, நாளைக்கே வார்டில் தொடங்கலாம் என்று சொல்லும் அளவுக்கு வலுவானது. பேச்சுக்கான சான்று உண்மையானது, ஆனால் குறுகியது. அதன் எல்லையைத் தெரிந்துகொள்ளாமல் குடும்பத்தாருக்கு நம்பிக்கை கொடுக்கக் கூடாது.

தாளம் ஏன் வேலை செய்கிறது

கரைவலை இழுப்பவர்கள் அம்பாப் பாட்டுப் பாடுவதை இந்தக் கரையில் வளர்ந்தவர்கள் கேட்டிருப்போம். பாட்டு அவர்களுக்குப் பலம் கொடுப்பதில்லை. அடுத்த இழுப்பு எப்போது வரும் என்பதை எல்லோருடைய உடம்புக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. தாளக் குறிப்பு நோயாளிக்குச் செய்வதும் இதைத்தான். இரண்டு தட்டுகளைக் கேட்ட மூளை மூன்றாவது தட்டு விழும் நேரத்தை ஊகித்துவிடுகிறது. கால் அந்த நேரத்துக்கென்று ஆயத்தமாகிறது. தட்டுக் கேட்ட பிறகு எதிர்வினையாகக் கால் எடுக்கப்படுவதில்லை.

2007இல் கிரானும் பிரெட்டும் வெளியிட்ட மூளைப் படிம ஆய்வில், சீரான தாளம் உணரப்படும்போது அடித்தள முடிச்சுகளும் துணை இயக்கப் புறணியும் கூடுதலாக இயங்கின. ஒருவர் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாலே போதும், இயக்கத்துக்கான பகுதிகள் விழித்துக்கொள்கின்றன. பார்க்கின்சன் நோயில் பழுதடைவதும் இந்த அடித்தள முடிச்சுகள்தான். அதே ஆய்வாளர்கள் 2009இல், பார்க்கின்சன் நோயாளிகளுக்குத் தாளத்தைப் பிரித்தறிவதே கடினமாகிறது என்று காட்டினர். உள்ளிருந்து வரவேண்டிய தாளம் தளர்ந்துபோகிறது. அதை வெளியிலிருந்து கொடுக்கிறோம்.

நடை: பார்க்கின்சன் நோய்

தொடக்கப் புள்ளி மைக்கேல் தோட்டின் குழு 1996இல் வெளியிட்ட ஆய்வு. நோயாளிகள் 3 வாரங்கள், தினமும் 30 நிமிடம், தாளமிட்ட இசையோடு வீட்டில் நடந்து பயின்றனர். அவர்களின் நடைவேகம் 25 வீதம் கூடியது. அதே பயிற்சியைத் தாளமில்லாமல் செய்தவர்களுக்கு 7 வீதமே கூடியது. பயிற்சியே செய்யாதவர்களுக்கு 7 வீதம் குறைந்தது. ஆய்வு சிறியது. ஆனால் மூன்று குழுக்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, ‘நடக்க வைத்ததால்தானே முன்னேறினார்கள்?’ என்ற சந்தேகத்துக்கு அதற்குள்ளேயே பதில் இருக்கிறது.

பெரிய ஆய்வு 2007இல் வந்த ரெஸ்கியூ. 153 நோயாளிகள், அவரவர் வீட்டிலேயே 3 வாரப் பயிற்சி. இங்கே பலன் அடக்கமானது: நடைவேகம் வினாடிக்கு 5 சென்ரிமீற்றரும், அடியின் நீளம் 4 சென்ரிமீற்றரும் கூடின. நடையில் உறைந்து நிற்பவர்களுக்கு அந்த உறைவின் கடுமை ஓரளவு தணிந்தது. நம் கவனத்தை அதிகம் கோருவது அதன் பிற்பகுதி. பயிற்சி நின்று 6 வாரங்களில் பலன் பெருமளவு கரைந்துபோயிருந்தது. ஆகவே தாளப் பயிற்சியை ஊசி மருந்து போல ஒரு தவணை கொடுத்து முடித்துவிட முடியாது. நோயாளி வீட்டுக்குப் போகும்போது தாளமும் அவரோடு போக வேண்டும். 2014இன் ஐரோப்பிய இயன்மருத்துவ வழிகாட்டி, நடைவேகத்துக்கு இத்தகைய குறிப்புகளை வலுவாகப் பரிந்துரைக்கிறது.

உறைந்து நிற்பவர்களுக்கு வேகத் தாளம் ஆகாது. வில்லெம்ஸ் குழுவின் 2006 ஆய்வில், வழக்கமான தாளத்தைவிட 10 வீதம் கூட்டியபோது உறைவு உள்ளவர்களின் அடிகள் குறுகின. அப்படிக் குறுகுவதே அடுத்த உறைவுக்கு வழி. இவர்களுக்கு 10 வீதம் குறைத்துத் தொடங்குவதே சரி. நிமிடத்துக்கு 100 அடி வைப்பவரென்றால் 90இல் தொடங்குங்கள். இந்த ஒன்றை மட்டும் இன்று எல்லோரும் மனதில் பதித்துக்கொண்டால் அதுவே போதும். தவறான தாளம் விழ வைக்கும்.

நடை: பாரிசவாதம்

2007இல் தோட் குழு 78 பேரை எடுத்தது. பாரிசவாதம் வந்து சில வாரங்களே ஆனவர்கள். ஒரு பகுதியினருக்குத் தாளப் பயிற்சி, மற்றவர்களுக்கு போபாத் முறை. 3 வார முடிவில் தாளக் குழு மற்றக் குழுவைவிட நிமிடத்துக்கு 13.1 மீற்றர் கூடுதலாக முன்னேறியிருந்தது. மூளைக் காயங்களுக்கான இசைத் தலையீடுகள் பற்றி மகீ குழு 2017இல் செய்த கொக்ரேன் மீளாய்வு 29 பரிசோதனைகளையும் 775 பங்கேற்பாளர்களையும் உள்ளடக்கியது. அதில் நடைவேகம் பற்றிய 9 பரிசோதனைகளின் கூட்டுக் கணக்கு, நிமிடத்துக்கு 11.34 மீற்றர் முன்னேற்றம். சான்றின் தரம் மிதமானது. பல பரிசோதனைகளில் பக்கச்சார்புக்கான அபாயம் அதிகம் என்பதையும் மீளாய்வு மறைக்கவில்லை. 2016இன் அமெரிக்க வழிகாட்டி ‘பரிசீலிக்கலாம்’ என்ற அளவில் நிறுத்திக்கொண்டது.

நிமிடத்துக்கு 11 மீற்றர் என்றால் வினாடிக்கு ஏறத்தாழ 0.19 மீற்றர். சிறிய எண்ணாகத் தெரியும். ஆனால் பெரி குழுவின் 1995 வகைப்பாட்டின்படி வினாடிக்கு 0.4 மீற்றருக்குக் கீழே நடப்பவர் வீட்டுக்குள் மட்டும் நடமாடுபவர். 0.4 முதல் 0.8 வரை என்றால் வெளியே ஓரளவு நடமாடுபவர். 0.3இல் இருக்கும் ஒருவர் 0.49க்கு வந்தால், அவர் முற்றத்தைத் தாண்டி ஒழுங்கையில் இறங்குகிறார். கடைக்கோ பள்ளிவாசலுக்கோ கோயிலுக்கோ துணையோடு போகிறார். இந்த வேறுபாட்டுக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

செய்முறை எளிது. உப்புவெளியிலிருந்து வரும் 58 வயது மீனவர் ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். வலப்பக்கப் பாரிசவாதம். 10 மீற்றரை 30 வினாடிகளில் நடக்கிறார், நிமிடத்துக்கு 60 அடி. கைத்தொலைபேசியின் மெட்ரோனோமை முதலில் 60இலேயே வையுங்கள். சில நிமிடங்கள் கேட்கட்டும், இருந்தபடியே காலால் தட்டட்டும், பிறகு நடக்கட்டும். அடிகள் தட்டோடு ஒன்றிய பிறகுதான் 5 வீதம், அதாவது 63. இடது வலது அடிகளின் நேரம் சமமாக இருக்கும்வரை கூட்டலாம். நொண்டல் கூடினால் முந்தைய எண்ணுக்குத் திரும்புங்கள். அமர்வின் கடைசிச் சில நிமிடங்கள் ஒலியை நிறுத்திவிட்டு, தாளத்தை மனதில் வைத்து நடக்கச் சொல்லுங்கள். காது மந்தமானவருக்கு ஒலியைக் கூட்டுவதோடு தோளில் மெல்லத் தட்டியும் காட்டலாம்.

மெட்ரோனோமுக்குப் பதில் பாட்டுப் போடுபவர்கள் தாளத்தைப் பார்த்துத் தெரிவுசெய்ய வேண்டும். ஆதி தாளத்தின் இரட்டைப்படை எண்ணிக்கை இரண்டு கால்களுக்கும் சமமாகப் பங்கிடும். மூன்று மூன்றாக எண்ணும் பாட்டில் அழுத்தம் ஒருமுறை இடக்காலிலும் மறுமுறை வலக்காலிலும் மாறி விழும். ஏழு எண்ணும் மிச்ரசாபு நடைக்குப் பொருந்தவே பொருந்தாது. நோயாளிக்கு எவ்வளவு பிடித்த பாட்டானாலும் இதில் விட்டுக்கொடுக்க முடியாது.

பேச்சு: பாட்டால் என்ன முடியும்

பேச முடியாதவர் பாட முடிவது புதிய செய்தியல்ல. 18ஆம் நூற்றாண்டிலேயே சுவீடனின் ஓலோஃப் டாலின் அப்படி ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறார். வார்த்தையே வராத அம்மா தாலாட்டை முழுதாகப் பாடி முடித்து, பிள்ளைகள் அழுவதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அந்தக் கண்ணீர் நியாயமானது. ஆனால் மனப்பாடமான பாட்டு வருவது, தேவையானதைக் கேட்க வாய் திறப்பதற்குச் சமமல்ல.

1973இல் பொஸ்டனில் அல்பர்ட், ஸ்பார்க்ஸ், ஹெல்ம் மூவரும் உருவாக்கிய இசைநடைப் பேச்சுச் சிகிச்சை இந்த இடைவெளியைக் கடக்க முயன்றது. தேவையான சிறு தொடரை இரண்டு சுருதிகளில் இழுத்துப் பாடுவது, ஒவ்வொரு அசைக்கும் நோயாளியின் இடக்கையைத் தட்டுவது. முதலில் சிகிச்சையாளர் முணுமுணுப்பார், பிறகு இருவரும் சேர்ந்து பாடுவர், சிகிச்சையாளர் மெல்ல விலகுவார், நோயாளி தனியே சொல்வார், கடைசியில் கேள்விக்குப் பதிலாகச் சொல்வார். கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் ஓரளவு தப்பியிருந்து, பேச்சு மட்டும் தடைப்பட்டவருக்கே இது உரியது. சரளமாக ஆனால் பொருளின்றிப் பேசுபவருக்கு அல்ல.

வான் டெர் மியூலன் குழு நெதர்லாந்தில் 2014இல் வெளியிட்ட பரிசோதனையில் 27 பேர், பாரிசவாதம் வந்து 2, 3 மாதங்களில் சேர்க்கப்பட்டவர்கள். வாரத்துக்கு 5 மணி நேரம், 6 வாரங்கள். பயின்ற தொடர்களைத் திருப்பிச் சொல்வதில் தெளிவான முன்னேற்றம். முன்கூட்டித் தொடங்கியவர்களுக்குப் பலன் கூடுதல். 2016இல் நாட்பட்ட நோயாளிகள் 17 பேரிடம் செய்தபோது, பயின்ற தொடர்களைத் தாண்டிப் பலன் பரவவில்லை. ஆகவே எந்தத் தொடரைப் பயிற்றுவிக்கிறோம் என்பதுதான் இந்தச் சிகிச்சையின் உயிர். ‘தண்ணி தாங்க’, ‘வெளிக்குப் போகணும்’, ‘கால் நோகுது’, பேரப்பிள்ளையின் பெயர். முஸ்லிம் நோயாளிக்கு ‘அல்ஹம்துலில்லாஹ்’ தானாகவே வரக்கூடும். அதிலிருந்து தொடங்கலாம். பட்டியலைக் குடும்பத்தாரோடு உட்கார்ந்து தயாரிக்க வேண்டும். சிங்களம் பேசும் நோயாளிக்கு அவர் வீட்டு மொழியில்.

உதவுவது இராகமா, தாளமா? 2011இல் ஸ்டால் குழு 17 நோயாளிகளிடம் இதைப் பிரித்துப் பார்த்தது. தாளமும், பழகிய தொடர்களும்தான் கூடுதலாகக் கைகொடுத்தன. பாடுவதால் மட்டும் தனி ஆதாயம் இல்லை. அடித்தள முடிச்சுகளில் சேதமுள்ளவர்களுக்குத் தாளம் இன்னும் அதிகம் உதவியது. பாடக் கூச்சப்படும் நோயாளியிடமும், குரல் சரியில்லை என்று தயங்கும் சிகிச்சையாளரிடமும் இதைச் சொல்லுங்கள்: கையைத் தட்டி, அசைகளை இழுத்துச் சொன்னாலே பெரும்பகுதி வேலை நடக்கும். தமிழில் குறிலுக்கும் நெடிலுக்கும் மாத்திரை ஏற்கெனவே வேறு வேறு. ஆங்கிலத்துக்காக வகுத்த ஏற்ற இறக்கத்தை அப்படியே எடுக்காமல், நெடிலில் கையை நிறுத்தி, குறிலில் சட்டென்று நகர்த்தித் தட்டுவதே நமக்கு இயல்பு என்பது என் கருத்து.

குழுவாகப் பாடுவதற்கும் இடமுண்டு. 2023இல் பின்லாந்திலிருந்து வந்த சீரற்ற ஒதுக்கீட்டுப் பரிசோதனையில், நாட்பட்ட பேச்சிழப்பு உள்ளவர்களும் பராமரிப்பவர்களும் சேர்ந்து பாடினர். தொடர்பாடல் மேம்பட்டது, பராமரிப்பவர்களின் சுமையும் குறைந்தது. அந்த இரண்டாவது முடிவு எனக்கு மிகவும் பெறுமதியானது. கணவனைத் தனியே தூக்கிச் சுமக்கும் மனைவியைப் பற்றி நமது பதிவேடுகளில் ஒரு வரியும் இருப்பதில்லை.

கலந்துரையாடலுக்கு

அடுத்த மாதம் முதல் ஒவ்வொரு பாரிசவாத, பார்க்கின்சன் நோயாளிக்கும் 10 மீற்றர் நேரம், நிமிடத்துக்கான அடிகள், உறைவு உண்டா இல்லையா ஆகிய மூன்றையும் சேர்க்கையின்போதே குறிக்கலாமா? பேச்சிழந்தவர்களின் கோப்பில் பத்துத் தொடர்களைக் குடும்பத்தாரின் கையெழுத்திலேயே எழுதி வாங்கலாமா? வாரத்துக்கு 5 மணி நேரம் நம்மால் கொடுக்க முடியாது. குடும்பத்தாருக்குத் தட்டக் கற்றுக்கொடுக்கும் அமர்வை யார் எடுப்பது, கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் வருபவர்களுக்கு எந்த நாளில் வைப்பது என்பதை இன்றே முடிவுசெய்வோம்.