மீட்டர் போர்டு விளக்குகள்: எல்.எல்.ஆர். தேர்வுக்குப் படிக்கும் தாள்

தருமபுரி மாலை வகுப்புக்கு. வியாழக்கிழமை தேர்வுக்குப் போகிறவர்கள் புதன் இரவுக்குள் இரண்டு தடவை படித்துவிடுங்கள். சாலைப் பலகைகளுக்குத் தனித்தாள் கொடுத்தாகிவிட்டது. இது ஸ்டியரிங்குக்குப் பின்னால் எரிகிற விளக்குகளுக்கு மட்டும்.

முதலில் நிறம்

சிவப்பு என்றால் ஆபத்து, உடனே கவனி. மஞ்சள் என்றால் ஓட்டலாம், ஆனால் தள்ளிப்போடாமல் மெக்கானிக்கிடம் காட்டு. பச்சையும் நீலமும் கோளாறு இல்லை; நீங்கள் போட்ட ஏதோ ஒன்று எரிகிறது, அவ்வளவுதான். படம் மறந்தாலும் நிறத்தை வைத்தே தப்பான விடைகளைக் கழித்துவிடலாம்.

சாவியை ஆன் செய்ததும் பல விளக்குகள் ஒன்றாக எரியும். பயப்படாதீர்கள், வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறது. செல்ஃப் அடித்து இன்ஜின் ஓடியதும் அணைந்துவிட வேண்டும். அணையாமல் நிற்பதுதான் சேதி சொல்கிறது.

சிவப்பு

*எண்ணெய்க் கிண்டி, மூக்கில் ஒரு சொட்டு.* இன்ஜின் ஆயிலின் அழுத்தம் குறைந்துவிட்டது. ஓரங்கட்டி இன்ஜினை உடனே அணைக்க வேண்டும். இதில் நான் பாடம் கற்றவன். ஓட்டக் கற்ற புதிதில் பாலக்கோட்டிலிருந்து வரும்போது இது எரிந்தது. 'ஊர் வந்துடுச்சே' என்று ஓட்டினேன். முதலில் டக் டக் என்று சத்தம், அப்புறம் இன்ஜின் பிடித்துக்கொண்டது. ஒரு டின் ஆயிலோடு போயிருக்க வேண்டியது, இன்ஜினையே இறக்கி வேலை பார்க்கும்படி ஆனது. ஆகவே "அருகிலுள்ள பணிமனை வரை மெதுவாக ஓட்டலாம்" என்று ஒரு விடை இருந்தால் அது தப்பு.

*அலைகளில் நிற்கும் தெர்மாமீட்டர்.* இன்ஜின் சூடேறிவிட்டது. சேலத்திலிருந்து தொப்பூர் கணவாய் ஏறும்போது, வெயில் நாளில், ஏசியும் போட்டு, ஆட்களும் நிறைந்திருந்தால் இதைப் பார்க்க நேரலாம். ஓரங்கட்டி ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது, கொதிநீர் முகத்தில் அடிக்கும். இதே படம் சில கார்களில் நீலமாக எரியும். அது இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்பது மட்டுமே.

*வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி, இரண்டு பக்கமும் அடைப்பு.* ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறது, அல்லது பிரேக் ஆயில் குறைந்துவிட்டது. ஹேண்ட் பிரேக்கை இறக்கியும் எரிந்தால் வண்டியை எடுக்காதீர்கள். அதோடு தொப்பூர் இறக்கத்தில் இறங்குவதை நினைத்துப் பாருங்கள்.

*பேட்டரி (+ −).* சார்ஜ் ஏறவில்லை. பெல்ட் அறுந்திருக்கலாம். பேட்டரி மட்டும் பழுது என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் அதிகம்.

சீட் பெல்ட் போட்ட ஆள், கதவு திறந்த கார், முன்னால் பந்து வைத்த ஆள் (ஏர்பேக்) மூன்றும் சிவப்பு. முதல் இரண்டையும் நீங்களே சரிசெய்யலாம். ஏர்பேக் விளக்கு அணையாமல் நின்றால், விபத்தில் பை விரியாமல் போகலாம்.

மஞ்சள்

இன்ஜின் படம்: சென்சார், எரிபொருள், புகை சம்பந்தப்பட்ட கோளாறு. நிலையாக எரிந்தால் மெதுவாகப் பணிமனைக்குப் போகலாம். விட்டு விட்டு மின்னினால் வேகத்தைக் குறைத்து, முடிந்த சீக்கிரம் நிறுத்துங்கள்.

வட்டத்துக்குள் ABS: சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏற்பாடு வேலை செய்யவில்லை. சாதாரண பிரேக் பிடிக்கும். ஆனால் சட்டென்று அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கலாம். "பிரேக்கே பிடிக்காது" என்ற விடையைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

குதிரை லாடம் போன்ற வடிவத்துக்குள் ஆச்சரியக்குறி: டயரில் காற்று குறைவு. சுருள் கம்பி: டீசல் வண்டிக்கு மட்டும், அது அணையும்வரை பொறுத்து செல்ஃப் அடிக்க வேண்டும். பெட்ரோல் பம்ப் படம் எல்லோருக்கும் தெரியும். அதன் பக்கத்தில் சின்ன அம்பு இருந்தால் டேங்க் மூடி அந்தப் பக்கம்.

குழப்பும் இரண்டு ஜோடி

நேர்க்கோடுகளோடு நீல விளக்கு பிரைட். சாய்ந்த கோடுகளோடு பச்சை விளக்கு டிம். எதிரே வண்டி வந்தால் நீலம் அணைய வேண்டும். கிருஷ்ணகிரி ரோட்டில் இரவில் எத்தனை பேர் அணைக்கிறார்கள் என்பது வேறு கதை, தேர்வில் சரியான விடை இதுதான்.

பச்சை அம்பு இண்டிகேட்டர். வழக்கத்தைவிட வேகமாகச் சிமிட்டினால் ஒரு பல்பு போயிருக்கலாம். இரண்டு அம்பும் சேர்ந்து மின்னினால் சிவப்பு முக்கோண பட்டனை அழுத்தியிருக்கிறீர்கள். வண்டி பழுதாகி நிற்கும்போது அதைப் போட வேண்டும். நாற்சந்தியில் நேராகப் போகிறேன் என்று காட்டுவதற்கு அல்ல.

கையால் மூடிக்கொண்டு சொல்லுங்கள்

1. ஓடும் வண்டியில் எண்ணெய்க் கிண்டி சிவப்பாக எரிகிறது. என்ன செய்வீர்கள்?
2. சாவி ஆன், இன்ஜின் ஓடவில்லை, பேட்டரி விளக்கு எரிகிறது. கோளாறா?
3. ABS மஞ்சள். பிரேக் பிடிக்குமா?
4. நீல விளக்கு எரிகிறது, எதிரே லாரி. என்ன செய்வீர்கள்?

விடை: 1. ஓரங்கட்டி இன்ஜினை அணைப்பேன். 2. இல்லை. 3. பிடிக்கும். 4. டிம் செய்வேன்.