கமலா அக்காவுக்கு விடை, இளங்கோவுக்கு வரவேற்பு: ரத்த வங்கிப் பொறுப்பு மருத்துவரின் மேடை உரை

எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு ஏழு நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள். முதல் வரிசையில் கமலா அக்கா கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்திருப்பதால் ஐந்திலேயே முடித்துவிடுகிறேன். ஃப்ரிட்ஜை விட்டு வெளியே போன ரத்தப் பை 30 நிமிஷம் தாண்டித் திரும்பி வந்தால், எந்த வார்டில் இருந்து எவ்வளவு பெரிய டாக்டர் பேசினாலும் அதைத் திரும்ப உள்ளே வைக்காதவர் அவர்.

31 வருஷ வேலையில் இன்று ஒன்றை மட்டும் சொல்கிறேன். பை கொடுக்கிற மேஜையில் நோயாளியின் பெயர், உள்நோயாளி எண், ரத்த வகை, பை எண், காலாவதித் தேதி ஆகிய ஐந்தையும் ஒருவர் வாய்விட்டுப் படிப்பார், இன்னொருவர் சீட்டில் விரல் வைத்துக்கொண்டே வருவார். ராத்திரி 3 மணிக்கு டியூட்டியில் அக்கா மட்டும் என்றால், பை வாங்க வந்த நர்ஸையே படிக்கச் சொல்லி, விரலை இவர் வைப்பார். "எனக்கே தெரியும்க்கா, சீக்கிரம் கொடுங்க" என்றால், "தெரிஞ்சதைத்தானே படிக்கச் சொல்றேன்" என்பார். ஒரே பெயரில் இரண்டு பேர் ஒரே வார்டில் படுத்திருந்த நாட்களில் நம்மைக் காப்பாற்றியது அந்த விரல்தான்.

திங்கள் முதல் அந்த மேஜைக்குப் பொறுப்பு இளங்கோ. 12 வருஷ அனுபவம். அதில் 8 வருஷம் ரத்தக் கூறுகளைப் பிரிக்கும் பிரிவில். பிளேட்லெட்டுக்கு ஆயுள் 5 நாள்தான், 20 முதல் 24 டிகிரியில் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும், சிவப்பணு மாதிரி ஃப்ரிட்ஜில் வைத்துச் சமாளிக்க முடியாது. சனி, ஞாயிறு தேவைக்கு வியாழக்கிழமையே கணக்குப் போடுகிறவர் நமக்கு வேண்டியிருந்தது. இவர் போடுகிறார், பார்த்துவிட்டோம்.

மூன்று வாரமாக இருவரும் சேர்ந்தே வேலை பார்த்தார்கள். முதல் வாரம் அக்கா செய்தார், இளங்கோ பார்த்தார். அடுத்த வாரம் இவர் செய்தார், அக்கா பார்த்தார். மூன்றாவது வாரம் அக்கா பக்கத்து அறையில் இருந்தார், கூப்பிட்டால் மட்டும் வருவதாக ஏற்பாடு. எத்தனை தடவை கூப்பிட்டார் என்று கேட்டதற்கு, "ரெண்டு தடவை. ரெண்டும் கூப்பிட வேண்டியதுதான்" என்றார். அக்கா வாயில் இருந்து இதைவிடப் பெரிய சான்றிதழ் வந்ததாக யாருக்கும் நினைவில்லை.

இன்னொன்று. இரண்டாம் எண் ஃப்ரிட்ஜில் காலை வேளையில் மட்டும் வெப்பநிலை 6 டிகிரியைத் தொட்டுத் தொட்டு இறங்குவதை இளங்கோ வரைபடத் தாளில் கவனித்தார். கதவு ரப்பர் தளர்ந்திருந்தது. அடிக்கடி திறக்கிற நேரத்தில்தான் அது காட்டிக்கொடுத்தது. அன்றைக்கே பதிவேட்டில் "கவனித்தவர் இளங்கோ, நான் பார்க்கத் தவறினேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் அக்கா. ஓய்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது! அந்தப் பக்கத்தில் இரண்டு பேரும் யார் என்பது தெரிகிறது.

நமக்கு ஒரு வேண்டுகோள். "அக்கா இருந்தப்போ இப்படி இல்லையே" என்று இளங்கோவிடம் சொல்லாதீர்கள். ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேளுங்கள், பதில் சொல்வார். இளங்கோவுக்கும் ஒன்று: முதல் மாதம் ஓ நெகட்டிவ் பைகளை இடம் மாற்றிவிடாதீர்கள். மேல் தட்டு, இடது மூலை. அவசரத்தில் கண் பார்ப்பதற்கு முன்னால் எல்லோருடைய கையும் அங்கேதான் போகும்.

டியூட்டி போன் எண் மாறவில்லை, எடுப்பவர்தான் மாறுகிறார். அக்காவின் சொந்த எண்ணுக்குக் கூப்பிட்டால் அவர் எடுக்காமல் இருக்கமாட்டார். அதனால் நாம்தான் கூப்பிடாமல் இருக்க வேண்டும். அரிய வகை கொடையாளர் நோட்டில் இருக்கும் 64 பேருக்கும் இந்த வாரமே அவர் போன் செய்து, "இனிமே தம்பி கூப்பிடுவாரு, எனக்கு வர்ற மாதிரியே வாங்க" என்று சொல்லி ரிசீவரை இளங்கோ கையில் கொடுத்துவிட்டார். அவரிடம் மிச்சம் இருப்பது சாவிக்கொத்து மட்டும்தான்.

அக்கா, மேடைக்கு வாங்க. இளங்கோ, நீங்களும் வாங்க. சாவியை அக்கா கையாலேயே கொடுக்கட்டும். மைக் முதலில் அக்காவுக்கு. எவ்வளவு நேரம் பேசினாலும் இன்று யாரும் கடிகாரம் பார்க்கமாட்டோம்.