டெபாசிட் திருப்பித் தருவது பற்றி: மூன்றாம் தளம், கேபின் 7, காலி செய்த நாள் 28 பிப்ரவரி 2025

தேதி: 12 மே 2025

பெறுநர்: கிளை மேலாளர், கணக்குப் பிரிவுத் தலைவர் இருவருக்கும்

வணக்கம்.

உங்கள் கோவொர்க்கிங் ஸ்பேஸில் கேபின் 7-இல் 2023 ஜூன் 1 முதல் 2025 பிப்ரவரி 28 வரை இருந்த ஆறு பேர் கொண்ட டீம் நாங்கள். இரண்டு மாதக் கட்டணத்துக்குச் சமமான தொகையை டெபாசிட்டாகக் கட்டியிருந்தோம், அது இன்னும் எங்களுக்கு வரவில்லை. ஒப்பந்தப்படி மார்ச் 30-க்குள் வந்திருக்க வேண்டும். இன்றோடு 43 நாட்கள் தாமதம்.

ஏப்ரல் 2-இல் நான் மெயில் போட்டேன், 4-ஆம் தேதி "ஒரு வாரத்தில் அனுப்பிவிடுவோம்" என்று பதில் வந்தது. வரவில்லை. 15-ஆம் தேதி போன் செய்தபோது கணக்கு சாஃப்ட்வேர் மாற்றுகிறோம், கொஞ்சம் பொறுங்கள் என்றார்கள், பொறுத்தோம். அப்புறம் 24-ஆம் தேதி ஒரு கணக்கு அனுப்பினீர்கள், அதில் நோட்டீஸ் குறைவு என்று ஒரு மாதக் கட்டணம், நாற்காலி மாற்றியது, பெயின்ட் அடித்தது என்று மூன்று கழிவுகள் போட்டு, கடைசியில் டெபாசிட்டில் எட்டில் ஒரு பங்குதான் எங்களுக்குத் தர வேண்டியது என்று எழுதியிருந்தது. அந்த எட்டில் ஒரு பங்கும்கூட இதுவரை வரவில்லை. அதனால்தான் போனை விட்டுவிட்டு இப்போது எல்லா ஆதாரங்களையும் சேர்த்து எழுத்தில் கேட்கிறேன்.

முதலில் நோட்டீஸ் விஷயம், ஏனென்றால் பெரிய தொகை அதில்தான் போகிறது. ஒப்பந்தத்தின் 9-ஆம் பிரிவு சொல்வது இவ்வளவுதான்: முதல் 12 மாதம் முடிந்த பிறகு இரு தரப்பில் யார் விலகினாலும் 30 நாள் முன்னதாக எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும், மெயில் போதும். எங்கள் முதல் 12 மாதம் 2024 மே 31-ஆம் தேதியே முடிந்துவிட்டது. 2025 ஜனவரி 27, திங்கட்கிழமை காலை 10.42-க்கு, ஒப்பந்தத்தில் நீங்களே கொடுத்திருக்கும் மெயில் முகவரிக்கு, பிப்ரவரி 28-ஆம் தேதி காலி செய்கிறோம் என்று அனுப்பினேன். நடுவில் 32 நாட்கள் இருக்கின்றன. அந்த மெயில் முழு ஹெடரோடு இணைப்பு 1-இல் இருக்கிறது, அனுப்பிய நிமிடமே உங்கள் ஹெல்ப்டெஸ்க்கிலிருந்து வந்த தானியங்கி பதிலும் டிக்கெட் எண்ணும் அதன் அடுத்த பக்கத்தில் இருக்கின்றன.

மெயில் கிடைக்கவில்லை என்று நீங்கள் சொல்லவில்லை, அதையும் குறிப்பிட்டுவிடுகிறேன். நீங்கள் சொல்வது, நோட்டீஸ் அடுத்த மாதம் 1-ஆம் தேதியிலிருந்துதான் கணக்கில் வரும், அதனால் மார்ச் மாதக் கட்டணமும் தர வேண்டும் என்பது. ஒப்பந்தத்தை மூன்று முறை படித்துப் பார்த்துவிட்டேன், அப்படி ஒரு வரி எங்கும் இல்லை. இது உங்கள் உள் வழக்கமாக இருக்கலாம், ஆனால் நாங்கள் கையெழுத்துப் போட்டது ஒப்பந்தத்தில். அதைவிட முக்கியமானது, ஜனவரி 29-ஆம் தேதி உங்கள் கிளையிலிருந்தே "பிப்ரவரி 28 உங்கள் கடைசி நாளாகக் குறித்துக்கொண்டோம்" என்று பதில் வந்தது (இணைப்பு 2). அன்றைக்கே மார்ச்சும் கணக்கில் வரும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாங்கள் அதற்கேற்ற மாதிரி திட்டமிட்டிருப்போம். நீங்கள் தேதியை ஒப்புக்கொண்டீர்கள், அதை நம்பி வேறு இடம் பார்த்து அங்கே மார்ச் 1 முதல் கட்டணம் கட்ட ஆரம்பித்துவிட்டோம். பிப்ரவரி வரைக்கும்தான் உங்கள் கடைசி இன்வாய்ஸும் வந்தது, அதை 5-ஆம் தேதியே கட்டிவிட்டோம், ரசீது இணைப்பு 3.

இன்னொன்று. எங்கள் பெயருக்கு வந்த ஒரு கூரியரை வாங்கிக்கொள்ள மார்ச் 6-ஆம் தேதி நான் மூன்றாம் தளத்துக்கு வந்தேன். கேபின் 7-இல் வேறொரு டீம் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தது, கதவில் அவர்களுடைய பெயர்ப்பலகை இருந்தது. அவர்கள் நன்றாக இருக்கட்டும், அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. ஆனால் அந்த மார்ச் மாதத்துக்கு அவர்களிடமும் வாங்கி எங்களிடமும் வாங்குவது எந்தக் கணக்கில் சேரும்? இடம் உங்களுக்கு ஒரு வாரம்கூடக் காலியாக நிற்கவில்லை.

ஒப்படைத்த விவரத்துக்கு வருகிறேன். பிப்ரவரி 28, வெள்ளிக்கிழமை மாலை 4.30-க்கு உங்கள் தள மேற்பார்வையாளரும் நானும் சேர்ந்து கேபினைச் சுற்றிப் பார்த்தோம், அரை மணி நேரம் ஆனது. ஆறு மேசை, ஆறு நாற்காலி, ஒரு வெள்ளைப் பலகை, இரண்டு டிராயர் அலமாரி, லாக்கர் சாவி இரண்டு, ஆக்சஸ் கார்டு ஆறு என்று ஒவ்வொன்றாக டிக் போட்டார். கார்டில் ஒன்று 2024-இல் தொலைந்து மாற்றி வாங்கியது, அதற்கான கட்டணத்தை அப்போதே கட்டிவிட்டோம், அந்த இன்வாய்ஸையும் சேர்த்திருக்கிறேன், பின்னால் அதுவும் ஒரு கழிவாக வந்துவிடக் கூடாது என்பதற்காக. ஹேண்டோவர் படிவத்தில் குறிப்பு என்ற இடத்தில் அவர் எழுதியது ஒரே வரி: "வெள்ளைப் பலகையில் லேசான கறை, மற்றவை நல்ல நிலையில்." கீழே அவர் கையெழுத்து, என் கையெழுத்து, நேரம் எல்லாம் இருக்கின்றன. இணைப்பு 4 அந்தப் படிவம். அன்று மாலையே எங்கள் கார்டுகள் முடக்கப்பட்டன, வைஃபை கணக்குகளும் நீக்கப்பட்டன, அதற்கு உங்கள் சிஸ்டத்திலிருந்து வந்த அறிவிப்பு இணைப்பு 5.

நல்ல நிலையில் இருப்பதாக உங்கள் ஆளே எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு, எட்டு வாரம் கழித்து நாற்காலிக்குக் காசு கேட்பதை என்னால் ஏற்க முடியாது. நீங்கள் சொல்லும் நாற்காலி எது என்பது எனக்குத் தெரியும். உட்கார்ந்தால் மெல்ல மெல்லக் கீழே இறங்கிவிடும் அந்த ஒரு நாற்காலி. அது எங்களுக்கு வந்ததே அப்படித்தான், 2024 ஆகஸ்டில் நாங்களே புகார் டிக்கெட் போட்டோம், உங்கள் பராமரிப்பு ஆள் வந்து அதை எடுத்துக்கொண்டு வேறு ஒன்று வைத்துவிட்டுப் போனார். அந்த டிக்கெட் "முடிந்தது" என்று மூடப்பட்ட ஸ்கிரீன்ஷாட் இணைப்பு 6. இது இல்லை, வேறு நாற்காலி என்றால் எது என்று சொல்லுங்கள், புகைப்படமும் புதிது வாங்கிய பில்லும் அனுப்புங்கள். இதுவரை அனுப்பிய கணக்கில் "நாற்காலி" என்ற ஒரு சொல்லும் ஒரு தொகையும் மட்டும்தான் இருக்கின்றன.

பெயின்ட் கழிவில் "நான்கு சுவர்" என்று எழுதியிருக்கிறீர்கள். கேபின் 7-இல் மூன்று பக்கம் கண்ணாடி. பெயின்ட் அடிக்கக்கூடிய சுவர் ஒன்றே ஒன்றுதான், அதுவும் வெள்ளைப் பலகை மாட்டியிருந்த சுவர், அந்தப் பலகையை மாட்டியது நீங்கள். வெளியேறிய அன்று எடுத்த 14 புகைப்படங்களையும் ஒரு நிமிட வீடியோவையும் இணைப்பு 7-இல் வைத்திருக்கிறேன், எடுத்த நேரம் ஒவ்வொரு படத்திலும் இருக்கிறது. நாங்கள் உள்ளே வந்த 2023 ஜூன் 1-ஆம் தேதி எடுத்த படங்களும் பக்கத்திலேயே இருக்கின்றன, இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 21 மாதம் ஆறு பேர் வேலை செய்த அறையில் சுவர் கொஞ்சம் மங்கித்தான் போயிருக்கும். அது சாதாரணப் பயன்பாட்டில் வரும் தேய்மானம், அதற்குக் கழிக்கக் கூடாது என்று உங்கள் 14-ஆம் பிரிவே சொல்கிறது. அடுத்து வருபவர்களுக்காகப் புதுசாக அடிப்பது உங்கள் தொழில் செலவு.

அதே 14-ஆம் பிரிவில் இன்னொரு வரியும் இருக்கிறது: கழிக்க வேண்டியது ஏதாவது இருந்தால் சோதனை முடிந்த 7 வேலை நாட்களுக்குள் விவரமான பட்டியல் தர வேண்டும். அது மார்ச் 11-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. உங்கள் பட்டியல் வந்தது ஏப்ரல் 24-இல், நான் மூன்று வாரம் திரும்பத் திரும்பக் கேட்ட பிறகு.

எங்களைப் போன்ற சின்ன டீமுக்கு இரண்டு மாதக் கட்டணம் என்பது எவ்வளவு பெரிய தொகை என்று உங்களுக்கே தெரியும், இது மாதிரி டீம்களை வைத்துத்தானே உங்கள் இடம் ஓடுகிறது. புது இடத்துக்கு டெபாசிட் கட்ட இந்தப் பணம் வரும் என்று நம்பியிருந்தோம். வராததால் மார்ச்சில் நானும் என் கூட்டாளியும் சம்பளம் எடுக்காமல் சமாளித்தோம். 21 மாதத்தில் ஒரு முறைகூடக் கட்டணம் தாமதமாகக் கட்டியதில்லை, உங்கள் ஃப்ரண்ட் டெஸ்க்கில் இருப்பவர்கள் எங்களிடம் அன்பாகவே நடந்துகொண்டார்கள், அவர்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. டெபாசிட் உங்கள் வருமானம் இல்லை, நீங்கள் பத்திரமாக வைத்திருக்க நாங்கள் கொடுத்த எங்கள் பணம். அதைக் கேட்டு வாங்க இவ்வளவு எழுத வேண்டியிருப்பதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

நான் கேட்பது இதுதான். முழு டெபாசிட்டையும், எந்தக் கழிவும் இல்லாமல், மே 26-ஆம் தேதிக்குள் நாங்கள் டெபாசிட் அனுப்பிய அதே வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள், அனுப்பியதும் பரிவர்த்தனை எண்ணை இந்த மெயிலுக்குப் பதிலாகப் போடுங்கள். ஏதோ ஒரு கழிவு நியாயம்தான் என்று இன்னும் நினைத்தால், சர்ச்சை இல்லாத மீதித் தொகையை அந்தத் தேதிக்குள் அனுப்பிவிட்டு, அந்த ஒரு கழிவுக்கு மட்டும் ஒப்பந்தப் பிரிவு, புகைப்படம், பில் மூன்றையும் தாருங்கள், உட்கார்ந்து பேசத் தயார். மொத்தத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு பேசுவதற்கு ஒப்புக்கொள்ள மாட்டேன். பகுதித் தொகை வந்தால் அது முழுத் தீர்வாக ஏற்றுக்கொண்டதாக ஆகாது என்பதையும் இப்போதே எழுத்தில் சொல்லி வைக்கிறேன்.

நாங்கள் தாமதமாகக் கட்டினால் மாதம் 2 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறீர்கள். மே 26-க்குள் முழுத் தொகை வந்துவிட்டால் தாமதத்துக்கு நான் எதுவும் கேட்கப் போவதில்லை. அதைத் தாண்டினால் மார்ச் 31-இலிருந்து அதே அளவு வட்டி சேர்த்துக் கேட்டு வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்புவேன், அதற்கும் பதில் இல்லையென்றால் உரிய நீதிமன்றத்தில் மனு போடுவேன். கோப்பு தயாராகவே இருக்கிறது, மேலே சொன்ன ஏழு இணைப்புகளும்தான் அது.

இந்தக் கடிதத்தை மெயிலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்புகிறேன். பதிலை எழுத்திலேயே தாருங்கள். போனில் பேச வேண்டும் என்றால் பேசலாம், ஆனால் பேசியதை அன்றே மெயிலில் எழுதி உறுதி செய்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கேபின் 7 ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட முன்னாள் உறுப்பினர், ஆறு பேர் சார்பாக